விடையை அனுப்பாதீர்கள், பக்கத்தை அனுப்புங்கள்

இரவு ஒன்பது மணிக்கு மேல் நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தவறாமல் வரும் செய்தி இது: “நாளைக்கு சப்மிட் பண்ணணுமாம். அந்தப் பாசேஜ் ஆன்சர் மட்டும் யாராவது போடுங்களேன், ப்ளீஸ்.” ஐந்து நிமிடத்தில் ஒருவர் நோட்டைப் படமெடுத்துப் போடுகிறார். நன்றி சொல்லிக் கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுகின்றன. மறுநாள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் நோட்டில் ஒரே விடை, ஒரே எழுத்துப்பிழையோடு இருக்கிறது. பத்தியைப் படித்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஆசிரியர் கேட்டால் நம்மில் யாருக்கும் பதில் தெரியாது.

இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பெற்றோரே. கணக்கில் விடையைக் காப்பியடித்தால் அடுத்த பரீட்சையில் தெரிந்துவிடும். பத்தியைப் படித்து விடை எழுதுவது அப்படியல்ல. ஆறாம் வகுப்பில் விட்டுப் போனது ஒன்பதாம் வகுப்பில் வேறு பெயரில் வந்து நிற்கும். அறிவியலில் கேள்வி புரியவில்லை, சமூக அறிவியலில் நீண்ட விடை எழுத வரவில்லை என்று டியூஷன் தேடி அலைவோம்.

பத்தி இரண்டு பக்கத்தில் விரிந்திருக்கும், கேள்விகள் தாளின் பின்பக்கத்தில் இருக்கும் பயிற்சிகளில்தான் இந்தச் சிக்கல் முற்றுகிறது. பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை, அல்லது ஒர்க்புக்கை வகுப்பிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறது. புத்தகம் வைத்திருப்பவரிடம் கேட்கிறோம். அவரும் அவசரத்தில் இருக்கிறார். விரித்த புத்தகத்தை மேசையில் வைத்து இரண்டு பக்கத்தையும் ஒரே சொடுக்கில் எடுத்து அனுப்பிவிடுகிறார். பின்பக்கத்தில் கேள்வி இருப்பது பத்து நிமிடம் கழித்து நினைவுக்கு வர, அது தனியாக வருகிறது. நடுவில் நாலைந்து பேர் யூனிஃபார்ம், வேன் என்று பேசியிருப்பார்கள். கேள்விப் படம் கீழே இருக்கிறது, பத்திப் படம் எங்கோ மேலே போய்விட்டது. பிள்ளை முதலில் பார்ப்பது கேள்வியை. பல நேரம் அதை மட்டும்தான் பார்க்கிறது.

சொன்னால் “அட, ஒரு போட்டோதானே” என்பீர்கள். அந்த ஒரு போட்டோவில் என்னென்ன காணாமல் போகிறது என்று ஒரு பயிற்சியை வைத்தே காட்டுகிறேன்.

பாம்பன் ரயில் பாலத்தைப் பற்றிய ஒரு பத்தி. இடப்பக்கத்தில் படத்துக்குக் கீழே தொடங்குகிறது. 1914-இல் பாலம் திறக்கப்பட்டது, மண்டபத்தையும் பாம்பன் தீவையும் இணைத்தது, கப்பல் வந்தபோதெல்லாம் நடுப்பகுதி இரு கைகளாகப் பிரிந்து மேலே எழுந்தது என்று முதல் பத்தி சொல்கிறது. 1964 டிசம்பரில் வீசிய புயலில் இரும்புக் கர்டர்கள் பெரும்பாலும் கடலில் விழுந்ததையும், திறந்து மூடும் நடுப்பகுதி மட்டும் சேதமடையவில்லை என்பதையும் இரண்டாம் பத்தி சொல்கிறது. சீரமைக்கும் பொறுப்பு ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரிடம் வந்தது என்ற வரியோடு இடப்பக்கம் முடிகிறது.

வலப்பக்கம் இப்படித் தொடங்குகிறது: ரயில்வே இதற்கு ஆறு மாதம் கொடுத்தது, மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார், கடலுக்கடியில் கிடந்த கர்டர்களை எடுத்து மீண்டும் பொருத்தி அவர் 46 நாளில் வேலையை முடித்தார். கடைசிப் பத்தியில், தீவுக்கு 1988-இல்தான் சாலைப் பாலம் திறக்கப்பட்டது என்றும், நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது என்றும் இருக்கிறது.

தாளைத் திருப்பினால் நான்கு கேள்விகள். பாலம் எந்த ஆண்டு திறக்கப்பட்டது? புயலில் நடுப்பகுதிக்கு என்ன ஆனது? 46 நாளில் வேலையை முடித்தவர் யார்? 1964-இல் ரயில் பாலம் உடைந்தது தீவு மக்களுக்கு ஏன் பெரிய இடியாக இருந்தது?

முதல் கேள்வியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. 1914 என்ற எண் எந்தப் படத்திலும் தெரியும், கண்ணை ஓட்டினாலே அகப்பட்டுவிடும்.

இரண்டாவது கேள்விக்கு வாருங்கள். விரித்த புத்தகத்தின் நடுவில், பக்கங்கள் தைக்கப்பட்ட இடத்தில், தாள் உள்ளே வளைந்து இறங்குகிறது. மேலிருந்து ஒரே படமாக எடுத்தால் அந்த வளைவில் எழுத்து நசுங்கும், நிழலும் விழும். இடப்பக்கத்தில் ஒவ்வொரு வரியின் கடைசி இரண்டு மூன்று எழுத்தும், வலப்பக்கத்தில் ஒவ்வொரு வரியின் முதல் இரண்டு மூன்று எழுத்தும் போய்விடும். தமிழில் இப்படி வால் அறுந்தால் அர்த்தமே மாறிவிடும். யார் செய்தார், எப்போது செய்தார், செய்தாரா இல்லையா என்பதெல்லாம் சொல்லின் கடைசியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. “சேதமடையவில்லை” என்பது அந்தப் பக்கத்தில் வரியின் ஓரத்தில் இருந்தது. படத்தில் “சேதமடைய” வரைதான் தெரிந்தது, அதற்குப் பிறகு கறுப்பு நிழல். புயல், கடல், விழுந்த கர்டர்கள் என்று சுற்றிலும் அழிவாகவே இருப்பதால் பிள்ளை தன் போக்கில் நிரப்பிக்கொள்கிறது: நடுப்பகுதி சேதமடைந்தது. விடை தலைகீழ். குழுவில் விடை போட்டவரும் அதே படத்தைப் பார்த்துத்தான் போட்டார். அதனால் அதே தலைகீழ் விடை அத்தனை நோட்டிலும் ஏறியது.

இன்னொன்றும் இதோடு சேர்கிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத்தான் போகும். ஆங்கில எழுத்து அதைத் தாங்கும். நம் எழுத்தில் மெய்யின் மேல் உள்ள புள்ளியும் சுழியின் சிறு வளைவும் முதலில் மங்கும். ஒற்று உயிர்மெய்யாகத் தெரியும், ண-வும் ன-வும் ஒன்றாகத் தெரியும். ஒருவர் அனுப்பியதைத் திரையில் படமெடுத்து இன்னொருவர் அனுப்பி, அதை மூன்றாமவர் தன் பிள்ளைக்குக் காட்டும்போது, பெரியவர்களே கண்ணைச் சுருக்கித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. பிள்ளை எழுத்துக்கூட்டித் தடுமாறினால் “ஒழுங்கா வாசி” என்று அதட்டுகிறோம். படத்திலேயே எழுத்து தெரியவில்லை என்று சொல்ல அதற்குத் தெரியாது.

மூன்றாவது கேள்வியில்தான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. 46 நாளில் முடித்தவர் யார் என்றால் வலப்பக்கத்தில் “அவர்” என்று மட்டும் இருக்கிறது. அந்த அவருக்குப் பெயர் இடப்பக்கத்தின் கடைசி வரியில் இருக்கிறது. வலப்பக்கத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்க்கும் பிள்ளைக்கு “அவர்” என்ற சொல்லுக்கு முன்னால் தென்படும் ஒரே ஆள் மேலதிகாரிதான். ஆகவே “மேலதிகாரி” என்று எழுதுகிறது. அதைத் திட்டவே முடியாது. கண்முன் இருந்ததை வைத்துச் சரியாகத்தான் யோசித்திருக்கிறது. பாதிப் பத்தியை மட்டும் கொடுத்துவிட்டு முழு விடையை எதிர்பார்த்தவர்கள் நாம்.

நான்காவது கேள்விக்கு விடை எந்த ஒரு வரியிலும் இல்லை. பாலம் உடைந்த செய்தி இடப்பக்கத்தில் இருக்கிறது. சாலைப் பாலம் 1988-இல்தான் வந்தது என்பது வலப்பக்கத்தின் அடியில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான், 1964-இல் தீவுக்குப் போக ரயில் பாலத்தை விட்டால் தரைவழியே கிடையாது என்பது பிள்ளைக்குப் புலப்படும். பயிற்சியைத் தயாரித்தவர் இந்த ஒரு கேள்விக்காகத்தான் அந்த 1988-ஐப் பத்தியில் வைத்தார் என்றே நினைக்கிறேன். பத்தியை முழுதாகப் படித்த பிள்ளையையும் வரிகளைத் துழாவிய பிள்ளையையும் பிரித்துக் காட்டும் கேள்வி இது. குழுவில் இதற்கு வந்த விடை என்ன தெரியுமா? “கர்டர்கள் கடலில் விழுந்ததால்.” கேள்வியில் “உடைந்தது” என்று இருக்கிறது, பத்தியில் உடைந்ததைச் சொல்லும் வரி ஒன்று இருக்கிறது, அதைப் பெயர்த்து எழுதிவிட்டார்கள்.

இந்தத் துழாவலைக் கண்டுபிடிப்பது சுலபம். பிள்ளையின் விடை “எனவே”, “ஆனால்”, “இதனால்” என்று தொடங்குகிறதா பாருங்கள். எதனால் என்று அந்த விடைக்குள்ளேயே இல்லாவிட்டால், பத்தியின் நடுவிலிருந்து ஒரு வரி அப்படியே தூக்கப்பட்டிருக்கிறது. கேள்வியில் உள்ள ஒரு சொல்லைப் பத்தியில் தேடி, அகப்பட்ட வரியை எழுதிவிட்டு நகரும் பழக்கம் அது. சின்ன வகுப்பில் அதற்கு மதிப்பெண் கிடைக்கும். கேள்வியும் பத்தியும் வேறு வேறு சொற்களில் பேசத் தொடங்கும் வகுப்பில் நின்றுபோகும்.

கைப்பேசி இந்தப் பழக்கத்தை ஊட்டி வளர்க்கிறது. உங்கள் பிள்ளை அதில் விடை எழுதுவதை ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கேள்விப் படத்தைத் திறக்கிறது, விரலால் பெரிதாக்கிப் படிக்கிறது. பத்திப் படத்துக்குத் தள்ளுகிறது. அது சிறியதாக இருக்கிறது, மறுபடி பெரிதாக்குகிறது, வரியைத் தேடுகிறது. அதற்குள் கேள்வி என்ன கேட்டது என்பது மறந்துவிடுகிறது. திரும்பிப் போகிறது. மீண்டும் வரும்போது படம் பழையபடி சிறியதாகியிருக்கிறது, விட்ட இடம் தெரியவில்லை. மூன்றாவது முறை பிள்ளை நிமிர்ந்து நம்மைப் பார்க்கிறது. “அம்மா, எங்கம்மா இருக்கு?” என்கிறது. நாமும் அடுப்பில் ஒரு கண்ணும் திரையில் ஒரு கண்ணுமாக, “இதோ பாரு, இந்த வரிதான், எழுது” என்று காட்டிவிடுகிறோம். படித்தது நாம், யோசித்தது நாம். பிள்ளை செய்தது கையெழுத்துப் பயிற்சி மட்டும்.

சேர்த்துப் பார்க்க வேண்டிய இரண்டை வேறு வேறு இடத்தில் வைத்தால், மனம் அவற்றுக்கிடையே அலைவதிலேயே தன் சக்தியைச் செலவழித்துவிடும், புரிந்துகொள்ள மிச்சம் இருக்காது. ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லரும் பால் சாண்ட்லரும் 1990-களின் தொடக்கத்திலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பெரியவர்களுக்கே அப்படி. பத்து வயதுப் பிள்ளை ஒரு கேள்வியை மனத்தில் பிடித்துக்கொண்டு படங்களுக்கிடையே ஓட வேண்டும் என்றால், ஓட்டம்தான் மிஞ்சும்.

தாளிலும் கேள்வி பின்பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கேயும் திருப்பத்தானே வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தாளைத் திருப்பினாலும் பத்தி இருந்த இடத்திலேயே இருக்கிறது. “அது இடப்பக்கம், படத்துக்குக் கீழே” என்று பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும், விரலை அங்கே செருகிவைத்துக்கொள்ளும். கேள்வி கண்ணில் படாததால் பத்தியை முதலில் முழுக்கப் படிக்கும் வாய்ப்பும் கூடுதல். பின்பக்கத்தில் கேள்வி இருப்பதை நான் குறையாகவே சொல்லமாட்டேன். அதைப் படமாக்கி, வரிசை மாற்றி அனுப்பும்போதுதான் அந்த நன்மை போய்விடுகிறது.

ஆகவே புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு முதலில் சொல்கிறேன். இரண்டு பக்கத்தையும் ஒரே படமாக எடுக்காதீர்கள். இடப்பக்கம் தனி, வலப்பக்கம் தனி, பின்பக்கம் தனி. நடுவில் தையல் இருக்கும் இடத்தை இன்னொருவர் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கட்டும், பிள்ளையே பிடிக்கும். விளக்கு உங்கள் தலைக்குப் பின்னால் இருந்தால் கைப்பேசியின் நிழல் தாளில் விழும், எனவே வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி உட்காருங்கள். கைப்பேசி தாளுக்கு நேர் மேலே, சாயாமல் இருக்க வேண்டும். எடுத்தபின் ஒரே ஒரு சோதனை போதும். இடப்பக்கப் படத்தில் வரிகளின் கடைசிச் சொற்களையும், வலப்பக்கப் படத்தில் வரிகளின் முதல் சொற்களையும் மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். அவை தெரிந்தால் மற்றதும் தெரியும். அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், சுருங்காமல் போகும். மூன்றையும் ஒன்றாக, ‘1 இடம், 2 வலம், 3 கேள்வி’ என்று எழுதி அனுப்புங்கள். கூகுள் டிரைவில் ஸ்கேன் செய்யத் தெரிந்தவர்கள் மூன்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கிவிட்டால் வரிசை மாறும் பேச்சே இல்லை. அரசுப் பாடநூலில் உள்ள பகுதி என்றால் படமே எடுக்க வேண்டாம். முழுப் புத்தகமும் பிடிஎஃப் ஆக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பக்க எண்ணைச் சொன்னால் போதும்.

பெற்றுக்கொள்பவர்களுக்கு இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கத்தில் ஜெராக்ஸ் கடை திறந்திருந்தால் பத்தி உள்ள இரண்டு பக்கத்தையாவது அச்செடுத்துக் கொடுங்கள். வாரம் முழுக்க சிப்ஸ் பாக்கெட்டுக்குக் கொடுப்பதைவிடக் குறைவான செலவு. கடை மூடிவிட்டதா, கேள்விகளைப் பிள்ளையை விட்டே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பத்தி நீளம், கேள்விகள் நாலைந்து வரிதான். ஒவ்வொரு கேள்விக்குக் கீழும் விடைக்கு இடம் விட்டு எழுதிக்கொண்டால் கேள்வி தாளில் வந்துவிடும், திரையில் பத்தி மட்டும் இருக்கும். அதன்பின் படங்களுக்கிடையே ஓட்டம் பெரும்பாலும் நின்றுவிடும். எழுதும்போதே கேள்வியில் பாதி மனத்தில் பதிந்திருக்கும்.

பிறகு பத்தி. இடப்பக்கம், வலப்பக்கம், இரண்டையும் நிறுத்தாமல் ஒரு முறை வாய்விட்டுப் படிக்கட்டும். இடையில் கேள்வி பேச்சு வேண்டாம். முடித்ததும், பார்க்காமல், அந்தப் பத்தி எதைப் பற்றி என்று இரண்டு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். பாம்பன் பத்தியைப் படித்த பிள்ளை, “பாலம் உடைஞ்சுது, ஒருத்தர் சீக்கிரமா சரிபண்ணிட்டார்” என்று சொன்னாலே போதும். “யார் சரிபண்ணினார்?” என்று நீங்கள் கேட்டால் அது தானாக இடப்பக்கத்தைத் திறந்து பெயரைத் தேடும். அந்தத் தேடல் பத்தியைப் புரிந்துகொண்டு தேடும் தேடல். சொல்லைத் துழாவும் தேடல் அல்ல. இதற்குப் பிறகு விடை எழுதட்டும். எழுதிய ஒவ்வொரு விடைக்கும் “எந்த வரியை வச்சுச் சொல்ற, விரல் வை” என்று மட்டும் கேளுங்கள். சில கேள்விகளுக்கு ஒரு விரல் போதாது, இடப்பக்கத்தில் ஒன்றும் வலப்பக்கத்தில் ஒன்றும் வைக்க வேண்டியிருக்கும். சரியா தவறா என்று நீங்கள் சொல்லவே வேண்டாம். வரியோடு விடை பொருந்தவில்லை என்றால் பிள்ளைக்கே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

“எங்களுக்கு இங்கிலீஷ் வராதே, எப்படிச் சொல்லிக் கொடுப்போம்?” என்று கேட்கும் தாய்மார்கள் நம் குழுவில் நிறைய இருக்கிறார்கள். அவர்கள்தான் பயந்துபோய் விடை கேட்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அம்மா, ஆங்கிலப் பத்திக்கும் இதே முறைதான். படிக்கச் சொல்லிக் கேளுங்கள், என்ன கதை என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள், விரல் வைக்கச் சொல்லுங்கள். மூன்றுக்கும் உங்களுக்கு ஆங்கிலம் வேண்டியதில்லை. பிள்ளைக்கு உண்மையிலேயே எழுத்துக்கூட்டிப் படிப்பதே கஷ்டம் என்றால் கதை வேறு. அப்போது பத்தியை யாராவது படித்துக் காட்டலாம், விடையை மட்டும் பிள்ளை சொல்ல வேண்டும், அந்தச் செய்தி ஆசிரியருக்கும் போக வேண்டும். குழுவில் கிடைத்த விடையை எழுதி அனுப்பினால் அந்தக் கஷ்டம் ஆசிரியர் கண்ணில் படாமலே போய்விடும். அதுதான் எனக்குப் பெரிய பயம்.

என்ன செய்தும் ஒரு வரி தெரியவில்லை என்றால் ஊகித்து நிரப்பவிடாதீர்கள். புத்தகம் வைத்திருப்பவரிடம், “இடப்பக்கத்தில் இரண்டாம் பத்தி, மூன்றாவது வரியின் கடைசிச் சொல் என்ன?” என்று கேளுங்கள். அவர் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்து அனுப்பினால் போதும். அவர் தூங்கிவிட்டால், அந்த ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிட்டு, “படத்தில் இந்த வரி தெரியவில்லை, மிஸ்” என்று பிள்ளை கையாலேயே எழுதச் சொல்லுங்கள். மறுநாள் பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தில் பார்த்து எழுத இரண்டு நிமிடம் ஆகும், எந்த ஆசிரியரும் அதற்குத் தண்டனை கொடுக்கமாட்டார்.

விடையைப் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மனம் நல்லது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. யாரோ ஒரு தாய் ராத்திரி நேரத்தில் தவிக்கிறாள் என்றுதான் போடுகிறீர்கள். அந்த உதவியை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த முறை “ஆன்சர் மட்டும்” என்று செய்தி வந்தால், உங்கள் பிள்ளையின் நோட்டை எடுக்காமல் புத்தகத்தை எடுங்கள். இடப்பக்கம், வலப்பக்கம், பின்பக்கம் என்று மூன்று படத்தையும் வரிசையாகப் போடுங்கள். கேட்டவருக்கு மனத்தாங்கல் வந்தால், அதை நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.